சட்டக் கோட்பாட்டை எங்கிருந்து தொடங்குவது? ஆசிரியருக்கு ஒரு கடிதம்

மாணவி | ஜூன் 2, இரவு 9.40

ஐயா,

இதைத் தனிக் கடிதமாகத்தான் எழுதினேன். மற்றவர்களும் பதில் சொல்லட்டும் என்று நீங்கள் சொன்னதால் இங்கே இடுகிறேன்.

உங்கள் சட்டவியல் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். இப்போது அந்த மதிப்பெண்தான் என்னை உறுத்துகிறது. ஆஸ்டின் என்றால் இறையாளரின் கட்டளை, கெல்சன் என்றால் அடிப்படை நெறி, ஹார்ட் என்றால் முதல்நிலை விதியும் இரண்டாம்நிலை விதியும் என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவேன். போன வாரம் என் தங்கை, "சட்டத்தில் எழுதாத ஒன்றை நீதிபதி சட்டம் என்று சொல்லலாமா?" என்று கேட்டாள். ஐந்து நிமிடம்கூட என்னால் பேச முடியவில்லை. பெயர்கள் வந்தன, பதில் வரவில்லை.

அதன் பிறகு எல்லாக் கொள்கைப் பள்ளிகளையும் வரிசையாகச் சொல்லும் ஒரு பெரிய பாடநூலை எடுத்தேன். ஒவ்வொரு அத்தியாயமும் முந்தைய அத்தியாயத்தைத் தப்பு என்கிறது. படிக்கும்போது ஒவ்வொருவர் சொல்வதும் சரியாகப் படுகிறது. எனக்கென்று ஒரு கருத்து உருவாகவே இல்லை.

இதை முறையாகப் படிக்க எங்கிருந்து தொடங்குவது? முதலில் தத்துவம் படிக்க வேண்டுமா? பிளேட்டோவிலிருந்து வர வேண்டுமா? எந்த நூல் முதலில்?

ஆசிரியர் | ஜூன் 3, காலை 6.15

அந்தப் பாடநூலை மூடி வை. இரண்டு மாதத்துக்கு அதைத் தொடாதே. பிளேட்டோ காத்திருப்பார்.

ஒரே ஒரு வழக்கை எடுத்துக்கொள்: ரிக்ஸ் எதிர் பால்மர். நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1889 அக்டோபரில் தீர்த்தது. பெரும்பான்மைத் தீர்ப்பும் மாறுபட்ட தீர்ப்பும் சேர்ந்து பதினைந்து பக்கத்துக்குள் முடிந்துவிடும்.

பிரான்சிஸ் பால்மர் 1880இல் உயில் எழுதினார். இரண்டு மகள்களுக்குச் சிறு தொகை, மீதிச் சொத்து பேரன் எல்மருக்கு. 1882இல் தாத்தா மறுமணம் செய்துகொண்டார். உயிலை மாற்றும் எண்ணமும் அவரிடம் தென்பட்டது. அவரோடு ஒரே வீட்டில் இருந்த பேரனுக்கு அப்போது பதினாறு வயது. உயிலில் இருப்பது அவனுக்குத் தெரியும். அது மாறுவதற்குள் தாத்தாவுக்கு நஞ்சு கொடுத்துக் கொன்றுவிட்டான். கொலைக் குற்றம் உறுதியாகித் தண்டனையும் பெற்றான். பிறகு, "உயில் என் பேரில் இருக்கிறது, சொத்தைக் கொடுங்கள்" என்றான். மகள்கள் வழக்குத் தொடுத்தார்கள்.

உயில் முறைப்படி எழுதப்பட்டது, சாட்சிகள் சரி, எழுதியவர் இறந்துவிட்டார். கொலைகாரன் வாரிசாக முடியாது என்று அன்றைய நியூயார்க் உயில் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. ஐந்து நீதிபதிகள் எல்மருக்குச் சொத்து இல்லை என்றார்கள், இருவர் கொடுத்தாக வேண்டும் என்றார்கள். உன் தங்கை கேட்ட கேள்வி அப்படியே இதில் இருக்கிறது.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். பெரும்பான்மைக்காக எழுதிய நீதிபதி ஏர்லின் தீர்ப்பை மட்டும் படி. இந்த வழக்கைப் பற்றி வேறு யார் எழுதியதையும் இப்போது படிக்காதே. ஒரு தாளை மூன்று பத்தியாக மடித்துக்கொள். அவருடைய ஒவ்வொரு வாதத்தையும் ஒரு வாக்கியமாக எழுது. இயற்றப்பட்ட சட்டத்தின் சொல்லிலிருந்து வருவது முதல் பத்தியில், முந்தைய தீர்ப்பிலிருந்து வருவது இரண்டாவதில், இரண்டிலும் சேராதது மூன்றாவதில். பிறகு நீதிபதி கிரேயின் மாறுபட்ட தீர்ப்புக்கு இன்னொரு தாள்.

ஓய்வுபெற்ற வழக்கறிஞர் | ஜூன் 3, பகல் 12.05

ஆசிரியரோடு எனக்கு உடன்பாடில்லை. வரைபடமே இல்லாமல் பிள்ளையைக் காட்டில் விடுகிறீர்கள். பள்ளிகளின் வரிசை தெரிந்தால்தானே எந்த வாதம் எங்கே நிற்கிறது என்று தெரியும்?

அந்த வழக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாற்பது ஆண்டு நீதிமன்றத்தில் நின்றவன் நான். நீதிபதிகளுக்குப் பேரன் மேல் அருவருப்பு. சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு மனசாட்சிப்படி தீர்த்தார்கள், அவ்வளவுதான். இதற்குக் கோட்பாடு தேவையில்லை.

ஆசிரியர் | ஜூன் 3, இரவு 8.30

வரைபடம் அவளிடம் இருக்கிறது. அதை ஒப்பித்துத்தான் மதிப்பெண் வாங்கினாள். அவள் இன்னும் நடந்து பார்க்காதது ஊரைத்தான்.

"சட்டத்தை ஓரமாக வைத்தார்கள்" என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அவளுடைய தாள் சொல்லட்டும்.

ஒரு வாசகர் | ஜூன் 4, காலை 10.20

இதே பிரச்சினை எங்கள் வீட்டிலும் நடந்தது. அப்பாவுக்குக் கண் தெரியாத நிலையில் என் அண்ணன் ஏதோ தாள் என்று சொல்லி உயிலில் கையெழுத்து வாங்கிவிட்டார். தப்புச் செய்தவன் பலன் அடையக் கூடாது என்ற இந்தத் தீர்ப்பைக் காட்டி நான் வழக்குப் போடலாமா? தீர்ப்பின் நகல் எங்கே கிடைக்கும்?

ஓய்வுபெற்ற வழக்கறிஞர் | ஜூன் 4, பகல் 1.10

ஐயா, உங்களுக்கு இந்தத் தீர்ப்பு தேவையே இல்லை. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் உங்கள் தந்தை கையெழுத்திட்டிருந்தால் அந்த உயிலே செல்லுமா என்பதுதான் கேள்வி. ஏமாற்றி வாங்கிய உயிலைப் பற்றிச் சட்டம் ஏற்கெனவே பேசுகிறது. கையெழுத்தின்போது உடன் இருந்தவர் யார், கண் மருத்துவரின் குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும். இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஆசிரியர் | ஜூன் 4, இரவு 9.00

இந்த வேறுபாட்டைக் குறித்து வைத்துக்கொள். மேலே சொன்னவரின் வழக்கில் உயிலில் பழுது இருக்கிறது. எல்மர் வழக்கில் உயிலில் எந்தப் பழுதும் இல்லை. தாத்தா தெளிந்த மனத்தோடு, தெரிந்தேதான் எழுதினார். ஓட்டை உயிலில் இருந்திருந்தால் இந்த வழக்கை நூற்றாண்டு கடந்தும் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

தத்துவம் படித்தவர் | ஜூன் 6, மாலை 5.45

நேரத்தை மிச்சப்படுத்த முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கச் சட்டத் தத்துவவாதி டுவோர்க்கின் 1967இல் எழுதிய கட்டுரையில் இந்த வழக்கை வைத்துத்தான் ஹார்ட்டை வீழ்த்தினார். சட்டம் என்பது விதிகளின் தொகுப்பு என்றார் ஹார்ட். "தன் தீச்செயலால் ஒருவன் பலன் அடையலாகாது" என்பது விதி அல்ல, நெறி. அதை யாரும் இயற்றவில்லை, ஆனாலும் நீதிமன்றம் அதற்குக் கட்டுப்பட்டது. ஆகவே அறம் சட்டத்துக்குள் இருக்கிறது, சட்டம் வேறு அறம் வேறு என்ற பாசிட்டிவிசம் தோற்றது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு தீர்ப்பைப் படித்தால் சுலபமாகப் புரியும்.

ஆசிரியர் | ஜூன் 6, இரவு 7.15

இப்படிச் சுலபமாகப் புரிந்துவிடக் கூடாது என்றுதான் யாரையும் படிக்காதே என்றேன். மகளே, மேலே உள்ள குறிப்பைத் தாள் முடியும்வரை மறந்துவிடு.

நீங்கள் சொன்னதில் பாதி சரி. கட்டுரையின் வாதம் அதுதான். ஆனால் அதே கட்டுரையில் அவர் அந்த நெறிக்கு எதிரான உதாரணத்தையும் தருகிறார். பிறர் நிலத்தில் அத்துமீறி நுழைந்து, போதிய ஆண்டுகள் வெளிப்படையாக அனுபவித்து வந்தவனுக்கு எதிரிடை அனுபோகத்தால் உரிமை கிடைக்கிறது. அவன் தன் தவறால்தான் பலன் அடைகிறான், சட்டமும் அதை ஒப்புக்கொள்கிறது. இதனால் நெறி பொய்யாகிவிடவில்லை. சில வழக்கில் அது கனக்கிறது, சிலவற்றில் வேறொன்று அதைவிடக் கனக்கிறது என்கிறார். அந்த எடைபோடலை விட்டுவிட்டால் கட்டுரையில் மிஞ்சுவது ஒரு முழக்கம்தான்.

"தோற்றது" என்பதைப் பிறகு பார்ப்போம்.

மாணவி | ஜூன் 11, இரவு 11.20

ஐயா, ஏர்லின் தாள் முடிந்தது. மூன்று முறை படித்தேன். முதல் முறை எல்லாவற்றையும் மூன்றாம் பத்தியில் போட்டுவிட்டேன். மறுபடி படித்தபோதுதான் என் தவறு தெரிந்தது.

அவர் தொடங்கும் இடம் சட்டம்தான். உயில் சட்டத்தின் சொல்லை அப்படியே எடுத்தால் சொத்து கொலைகாரனுக்குப் போகும் என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறார். பிறகு, இதை இயற்றியவர்கள் என்ன கருதினார்கள் என்று கேட்கிறார். உயில் எழுதியவரின் கடைசி விருப்பத்தை நிறைவேற்றவே இந்தச் சட்டம். அவரைக் கொன்றவன் பலன் பெறட்டும் என்று எந்தச் சட்டமன்றமும் கருதியிருக்காது. இப்படி ஒரு வழக்கு அவர்கள் நினைவில் வந்திருந்தால் அதற்கும் வழி செய்திருப்பார்கள் என்கிறார். இங்கே ஒரு பழைய கதை வருகிறது. பொலோஞா நகரில், தெருவில் இரத்தம் சிந்தச் செய்பவனுக்குக் கடும் தண்டனை என்று ஒரு சட்டம் இருந்ததாம். தெருவில் ஒருவருக்கு நரம்பைக் கீறி இரத்தம் எடுத்த நாவிதருக்கு அது பொருந்தாது என்று தீர்த்தார்களாம். இந்தக் கதையை முதலில் மூன்றாம் பத்தியில் வைத்தேன். இப்போது முதல் பத்திக்கு மாற்றிவிட்டேன். ஒரு சட்டத்தின் சொல்லை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றித்தானே அது பேசுகிறது?

அதற்குப் பிறகுதான், வேறொரு காரணமாக, "தன் தீச்செயலால் பலன் அடையலாகாது" என்பது வருகிறது. அதற்குத் துணையாக ஒரு காப்பீட்டு வழக்கைக் காட்டுகிறார். காப்பீடு செய்தவரைக் கொன்றவன் அந்தப் பணத்தைக் கேட்க முடியாது என்று சொன்ன தீர்ப்பு அது. இரண்டாம் பத்தியில் எழுதினேன். ஆனால் அது ஒப்பந்தம் பற்றிய வழக்கு, இது உயில். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

ஆகவே வழக்கறிஞர் ஐயா சொன்னதுபோல் சட்டத்தை அவர் ஓரமாக வைக்கவில்லை. தத்துவம் படித்தவர் சொன்ன நெறி, தீர்ப்பின் இரண்டாம் காரணம் மட்டுமே.

ஆசிரியர் | ஜூன் 12, அதிகாலை 5.50

இரவு இதைப் படித்துவிட்டுத் தூங்கவில்லை.

பல ஆண்டுகள் இந்த வழக்கை வகுப்பில் "விதிக்கு எதிராக நெறி" என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். டுவோர்க்கின் 1967இல் மேற்கோள் காட்டிய பகுதி நெறியைப் பற்றியது. நான் அந்தப் பகுதியிலிருந்து நடத்தினேன். தீர்ப்பை முழுதாகப் படித்தது வேலைக்குச் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்துத்தான். உன் வகுப்புக்கும் பழைய குறிப்பையே வாசித்தேன். நீ என்னிடம் கற்றதில் இது ஒரு தவறு. சரிசெய்துகொள்.

இனி இன்னொன்றைச் சொல்லலாம். அதே டுவோர்க்கின் 1986இல் எழுதிய நூலில் மறுபடி எல்மருக்கு வருகிறார். அங்கே பேச்சு வேறு. இரு நீதிபதிகளுக்கும் உயில் சட்டத்தின் வாசகம் தெரியும், நடந்ததும் தெரியும். அதில் சண்டை இல்லை. அந்த வாசகத்தால் உருவாகும் சட்டம் எது என்பதில்தான் சண்டை. ஏர்ல் நோக்கத்தோடு சேர்த்துப் படித்த சட்டம் ஒன்று, கிரே சொல்லோடு நின்று படித்த சட்டம் இன்னொன்று. உன் தாளின் முதல் பத்தி இந்த வாதத்துக்கு அருகில் வந்துவிட்டது. அந்த நூலைத் திறக்காமலே வந்தாய்.

காப்பீட்டு வழக்கின் கேள்விக்குறியை அழிக்காதே.

மொழிபெயர்ப்பாளர் | ஜூன் 12, காலை 9.30

தமிழில் குறிப்பெடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சட்டமன்றம் இயற்றிய ஒரு சட்டத்துக்கும் நமக்கு "சட்டம்"தான், மொத்தமாக ஒரு சமூகத்தைக் கட்டும் சட்டத்துக்கும் "சட்டம்"தான். பிரெஞ்சில் ஒன்று லுவா, மற்றது துருவா. ஜெர்மனில் கெசெட்ஸ், ரெஹ்ட். "சட்டத்தில் எழுதாத ஒன்று சட்டமா" என்று அந்தத் தங்கை கேட்டபோது ஒரே சொல் இரண்டு வேலை பார்த்தது. ஐந்து நிமிடம் பேச முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சட்டமன்றம் இயற்றியதற்கு நான் "சட்டவாசகம்" என்றும், மற்றதற்குச் "சட்டம்" என்றும் பிரித்து எழுதிப் பார்த்தேன். பாதிக் குழப்பம் தீர்ந்தது.

ஓய்வுபெற்ற வழக்கறிஞர் | ஜூன் 12, இரவு 8.00

தீர்ப்பை இன்றுதான் முழுதாகப் படித்தேன். "ஓரமாக வைத்தார்கள்" என்றதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் என் சந்தேகம் போகவில்லை. "இயற்றியவர்கள் கருதியிருப்பார்கள்" என்பது யாரும் சரிபார்க்க முடியாத வாக்கியம். பிடிக்காத முடிவைத் தவிர்க்க அதே வாக்கியத்தை நீதிமன்றங்கள் பயன்படுத்தி நான் கேட்டிருக்கிறேன். என் கட்சிக்காரர் ஒருவர் அதனாலேயே தோற்றார். கிரே சொல்வதுதான் எனக்கு நிம்மதி.

மாணவி | ஜூன் 18, இரவு 10.10

கிரேயின் தாள்.

முதல் பத்தி வலுவானது. உயிலை எப்படி எழுதுவது, எப்படி மாற்றுவது, எப்படி நீக்குவது என்று சட்டமன்றம் வரையறுத்திருக்கிறது. அந்த வழிகளைத் தவிர வேறு வழியில் நீக்கவோ மாற்றவோ முடியாது என்று வாசகமே சொல்கிறது. இறந்தவருக்காக நீதிமன்றம் புதிதாக ஓர் உயில் எழுத முடியாது என்கிறார். கொலை செய்த வாரிசைத் தடுக்கும் சட்டங்கள் வேறு நாடுகளில் இருப்பதைப் பற்றி இருவருமே பேசுகிறார்கள். அங்கே அதை எழுதி வைத்தார்கள், இங்கே எழுதவில்லை என்பது கிரேக்குச் சாதகம். பொதுவான நெறியே போதும் என்பதால்தான் இங்கே எழுதவில்லை என்பது ஏர்லின் பதில். ஒரே மௌனத்தை இருவரும் எதிரெதிராகப் படிக்கிறார்கள்.

இரண்டாம் பத்தியில் அதிகம் இல்லை. ஆனால் மூன்றாம் பத்தியில் எனக்கு ஓர் அதிர்ச்சி. கொலைக்குச் சட்டம் விதித்த தண்டனையை அவன் அனுபவிக்கிறான், சொத்தையும் பறித்தால் அது கூடுதல் தண்டனை, சட்டம் சொல்லாத தண்டனையை நீதிமன்றம் சேர்க்கக் கூடாது என்கிறார். இது உயில் சட்டத்தில் எங்கே இருக்கிறது? இதுவும் இயற்றப்படாத ஒரு நெறிதானே? சொல்லோடு நிற்பவர் என்று நான் நினைத்தவரும் நெறியில்தான் சாய்கிறார்.

தத்துவம் படித்தவர் | ஜூன் 18, இரவு 11.30

அப்படியென்றால் என் கட்சிக்கே பலம். இருவருமே நெறியைப் பயன்படுத்துகிறார்கள். பாசிட்டிவிசம் இரட்டிப்பாகத் தோற்றது.

ஆசிரியர் | ஜூன் 19, காலை 6.40

அவ்வளவு அவசரம் வேண்டாம். ஹார்ட் 1992இல் காலமானார். அவர் விட்டுச் சென்ற பதிலைப் பின்னுரையாகச் சேர்த்து அவருடைய 1961ஆம் ஆண்டு நூலின் இரண்டாம் பதிப்பு 1994இல் வந்தது. அதில் இதே வழக்கை எடுக்கிறார். நெறி விதியோடு போட்டியிட்டு வென்றது என்கிறார் டுவோர்க்கின். அப்படியானால் விதியும் எடைபோடப்பட்டுத் தோற்கக்கூடியது என்றாகிறது. பொருந்தினால் முழுதாகப் பொருந்தும், இல்லாவிட்டால் இல்லை என்று விதிக்கு டுவோர்க்கின் சொன்ன தனி இலக்கணம் என்ன ஆனது என்று ஹார்ட் கேட்கிறார். விதிக்கும் நெறிக்கும் உள்ள வேறுபாடு அளவில்தான் என்பது அவர் நிலை. நெறிகளும் சட்டத்தின் பகுதியாகலாம் என்று ஒப்புக்கொண்டு, தன் கோட்பாடு அதனால் உடையாது என்கிறார். பாசிட்டிவிஸ்டுகளிலேயே ராஸ் போன்றவர்கள் இந்த விட்டுக்கொடுப்பை ஏற்பதில்லை. இந்தச் சண்டை முடியவில்லை.

மகளே, இப்போது ஹார்ட்டைத் திற. நூல் முழுதையும் அல்ல. துப்பாக்கி காட்டிப் பணம் பறிப்பவனின் மிரட்டலுக்கும் சட்டத்துக்கும் என்ன வேறுபாடு என்று ஆஸ்டினை அவர் சோதிக்கும் பகுதி முதலில். பிறகு ஐந்தாம், ஆறாம் அத்தியாயங்கள். வாரத்துக்கு ஓர் அத்தியாயம் போதும். ஒவ்வொன்றும் முடிந்ததும், "இது சரியென்றால் ஏர்ல் செய்தது என்ன, கிரே செய்தது என்ன" என்று ஒரு பக்கம் எழுது. அந்தப் பக்கத்தில் ஒரு "இசம்" வந்தால் அடித்துவிட்டு அதன் இடத்தில் ஒரு வாக்கியம் எழுது. கிரே படித்தால் "ஆம், நான் சொன்னது இதுதான்" என்று தலையசைப்பாரா என்று பார். அசைக்க மாட்டார் என்று தோன்றினால் அடுத்த அத்தியாயத்துக்குப் போகாதே. ஹார்ட் முடிந்ததும் 1967ஆம் ஆண்டுக் கட்டுரை, அதன் பிறகு 1994ஆம் ஆண்டுப் பின்னுரை.

ஓய்வுபெற்ற வழக்கறிஞர் | ஜூன் 19, மாலை 4.15

ஒன்று மட்டும் யாரும் சொல்லவில்லை. எல்மருக்குச் சொத்து போகாது என்று 1889இல் தீர்த்தார்கள். அவன் நஞ்சு கொடுத்த 1882இல் சட்டம் என்னவாக இருந்தது? ஏர்ல் கண்டுபிடித்தாரா, உண்டாக்கினாரா? உண்டாக்கினார் என்றால் அது செயலுக்குப் பின் வந்த சட்டம்.

ஆசிரியர் | ஜூன் 19, இரவு 9.20

என்னிடம் பதில் இல்லை. வாசகத்தின் பொருள் அங்கேயே திறந்திருந்தது, நீதிபதி அதை நிரப்பினார் என்றால் நீங்கள் சொல்லும் அநீதி ஓரளவு உண்டு. ஏற்கெனவே இருந்ததைக் கண்டார் என்றால், அதே நூல்களைப் படித்த கிரேயும் அவரோடு உடன்பட்ட நீதிபதி டான்ஃபோர்த்தும் ஏன் காணவில்லை என்று விளக்க வேண்டும். வாரத்தில் சில நாள் ஒரு பக்கம் சாய்கிறேன், சில நாள் மறுபக்கம்.

மாணவி | ஜூன் 27, இரவு 9.05

ஹார்ட்டின் ஐந்தாம் அத்தியாயம் வரை வந்திருக்கிறேன். ஒரு பக்கம் எழுதினேன், "இசம்" மூன்று இடத்தில் வந்தது, மூன்றையும் அடித்தேன். அடித்த இடத்தில் வாக்கியம் எழுதத்தான் இரண்டு நாள் ஆனது.

தங்கையிடம் வழக்கைச் சொன்னேன். அவள் கிரே பக்கம். "தாத்தா உயிலை மாற்றியிருப்பார் என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். மாற்றும் எண்ணம் தென்பட்டது என்று தீர்ப்பில் இருக்கிறது என்றேன். "தென்பட்டது என்றால் மாற்றினார் என்றா அர்த்தம்?" என்றாள். ஒரு மணி நேரம் பேசினோம். பிறகு ஏர்லின் தாளை எடுத்து, இயற்றியவர்களின் கருத்து என்று அவர் சொல்லும் வரிக்குப் பக்கத்திலும் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

ஆசிரியர் | ஜூன் 28, காலை 6.05

இரண்டு தாளையும் திங்கட்கிழமை கொண்டு வா. தங்கையையும் அழைத்து வா.